ஹாலிடே கிளப் மெம்பர்ஷிப்: கையெழுத்துப் போடும்போது எதை வாங்குகிறோம்?

இன்றைக்கு ஒரு பெரிய தொகை கட்ட வேண்டும். பதிலுக்கு அடுத்த 25 வருடங்களுக்கு, வருடத்தில் 7 நாள், அந்த நிறுவனத்தின் ரிசார்ட்டுகளில் அறை வாடகை கொடுக்காமல் தங்கிக்கொள்ளலாம். கூடவே ஒவ்வொரு வருடமும் பராமரிப்புக்கென்று ஒரு கட்டணம். ஹாலிடே கிளப் மெம்பர்ஷிப் என்பது அடிப்படையில் இவ்வளவுதான். ஆங்கிலத்தில் டைம்ஷேர் என்றும் வெக்கேஷன் ஓனர்ஷிப் என்றும் சொல்வார்கள். நம் நாட்டில் இந்தத் தொழில் வளர்ந்ததில் சென்னைக்குப் பெரிய பங்கு உண்டு. ஸ்டெர்லிங் 1986-லும் மஹிந்திரா ஹாலிடேஸ் 1996-லும் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டுதான் தொடங்கின. அதற்குப் பிறகு ஊருக்கு ஊர் சிறிதும் பெரிதுமாக எத்தனையோ கிளப்புகள் வந்துவிட்டன. இனி நான் சொல்லப்போவது எந்த ஒரு நிறுவனத்தையும் பற்றியது அல்ல. இந்த ஒப்பந்தங்களில் பொதுவாக இருக்கும் அமைப்பைப் பற்றியது.

ஓனர்ஷிப் என்ற சொல்லைக் கேட்டதும் ஏதோ சொத்து வாங்குவதுபோலத் தோன்றும். ஆனால் இங்கே பத்திரப்பதிவு கிடையாது, உங்கள் பேரில் அறையோ மண்ணோ எதுவும் எழுதப்படுவதில்லை. நீங்கள் வாங்குவது அறையைக் கேட்கும் உரிமையை மட்டும்தான். ஒப்பந்தத்தைப் பிரித்தால் "அறை இருப்பைப் பொறுத்து" என்ற பொருளில் ஒரு வரி பல இடங்களில் திரும்பத் திரும்ப வரும். நிறுவனம் உங்களுக்குச் செய்ய வேண்டியது எல்லாம் அந்த வரிக்கு உட்பட்டது. நீங்கள் கட்ட வேண்டிய ஆண்டுக் கட்டணத்துக்கு மட்டும் அப்படி எந்த நிபந்தனையும் இருக்காது. போனாலும் போகாவிட்டாலும், அறை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் கட்டியே ஆக வேண்டும். பிற்பாடு வரும் சண்டைகளில் பெரும்பாலானவை இந்த ஏற்றத்தாழ்விலிருந்துதான் கிளம்புகின்றன.

மே மாதம் ஊட்டியில் அறை ஏன் கிடைப்பதில்லை?

கிளப்புகள் வருடத்தைச் சீசன்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறமோ பெயரோ வைத்திருக்கும். உச்ச சீசனுக்கான மெம்பர்ஷிப்தான் விலை அதிகம். அடுத்தடுத்த படிகள் குறைந்துகொண்டே வரும். விற்பனை மேஜையில் விலையைக் கேட்டு நாம் தயங்கினால், "சார், உங்களுக்காக ஒரு பட்ஜெட் பிளான் இருக்கு" என்று எடுத்து நீட்டுவது பெரும்பாலும் கீழ்ப்படி சீசனாக இருக்கும். பள்ளிப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு விடுமுறை எப்போது? ஏப்ரல் கடைசி, மே, காலாண்டு லீவு, அரையாண்டு லீவு. அந்த நாட்களில் ஊட்டி, கொடைக்கானல், மூணாறு எல்லாமே உச்ச சீசன். கீழ்ப்படி உறுப்பினர் மற்ற மாதங்களில்தான் போக முடியும். இல்லையென்றால் ஒரு உச்ச சீசன் நாளுக்குத் தன் கணக்கிலிருந்து இரண்டு நாளையோ அதற்கு மேலோ விட்டுக்கொடுக்க வேண்டும். 7 நாள் என்று வாங்கியது அங்கேயே 3 நாளாகிவிடும்.

சரி, உச்ச சீசனே வாங்கிவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் புக்கிங் திறக்கும் நாளில், திறக்கும் நேரத்தில் உட்கார்ந்து முந்த வேண்டும். ரிசார்ட்டில் இருப்பதே குறைந்த அறைகள். அதே வாரத்துக்கு ஆசைப்படும் உறுப்பினர்களோ ஏராளம். உறுப்பினர் எண்ணிக்கை கூடும் வேகத்துக்கு அறைகள் கூடாவிட்டால் நெரிசல் வருடா வருடம் மோசமாகும். அதனால் வாங்கும்முன் கேட்க வேண்டிய கேள்வி "எத்தனை ரிசார்ட் இருக்கு?" என்பதல்ல. மொத்தம் எத்தனை அறை, அவற்றில் சொந்தம் எத்தனை, வாடகை ஒப்பந்தத்தில் எடுத்தவை எத்தனை, உறுப்பினர்கள் எத்தனை பேர் என்று கேட்க வேண்டும். பட்டியலில் இருக்கும் இடங்களில் ஒரு பகுதி வேறு ஹோட்டல்களோடு செய்துகொண்ட ஏற்பாடாக இருக்கலாம். அந்த ஏற்பாடு முடிந்தால் அந்த ஊரும் பட்டியலிலிருந்து போய்விடும். வெளிநாட்டுப் பயணம் என்று காட்டுவதும் பல நேரம் ஆர்சிஐ போன்ற பரிமாற்ற நிறுவனம் வழியாகத்தான். அதற்குத் தனிக் கட்டணம் உண்டு, அங்கும் இடம் இருந்தால்தான் கிடைக்கும்.

இதில் நாமே செய்து பார்க்கக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. கிளப் செயலியில் ஒரு ரிசார்ட் "அறை இல்லை" என்று காட்டும்போது, அதே ரிசார்ட்டை அதே தேதிக்கு ஹோட்டல் புக்கிங் தளங்களில் தேடிப் பாருங்கள். அங்கே காசு கொடுத்தால் அறை கிடைக்கிறது என்றால், அறை இருக்கிறது, உறுப்பினருக்கு ஒதுக்கியதில்தான் இல்லை என்று தெரிந்துவிடும். இரண்டு திரைகளையும் தேதி, நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். இப்படி ஐந்தாறு தடவை நடந்ததற்கான பதிவு கையில் இருப்பது, "எப்பக் கேட்டாலும் இல்லைன்னு சொல்றாங்க" என்று புலம்புவதைவிடப் பல மடங்கு வலுவான சாட்சி.

ஒரு குடும்பத்தின் கணக்கு

கோயம்புத்தூரில் இருவருமே வேலைக்குப் போகும் ஒரு தம்பதி என்று வைத்துக்கொள்வோம். எண்கள் உதாரணத்துக்காக நான் போட்டவை. உங்கள் தாளில் இருக்கும் எண்களைப் போட்டு இதே வழியில் கணக்குப் பாருங்கள். மெம்பர்ஷிப் 4,00,000 ரூபாய், 25 வருடம், வருடத்துக்கு 7 இரவு. ஆண்டுக் கட்டணம் 18,000. அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 21,240.

விற்பவர் காட்டும் கணக்கில் 4 லட்சத்தை 25-ஆல் வகுத்து, அதை 7-ஆல் வகுத்தால் ஒரு இரவுக்கு சுமார் 2,286 ரூபாய்தான். "ஊட்டியில இந்த விலைக்கு ரூம் கிடைக்குமா சார்?" என்பார். கிடைக்காதுதான். ஆனால் ஆண்டுக் கட்டணத்தையும் சேர்த்தால் முதல் வருடமே இரவுக்கு 5,320 ஆகிறது. 7 நாளும் போக முடியாமல் 4 நாள் மட்டும் போனால் 9,310. சாப்பாடு, போக்குவரத்து எல்லாம் இதற்கு வெளியே.

அடுத்தது கட்டண உயர்வு. விலைவாசிக்கு ஏற்ப ஆண்டுக் கட்டணத்தை உயர்த்தலாம் என்று ஒப்பந்தத்தில் இருக்கும். எவ்வளவு வரை என்ற உச்சவரம்பு இருக்கிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது. வருடத்துக்கு 6 சதவீதம் ஏறினால், இன்றைய 21,240 பத்தாவது வருடத்தில் 35,900 பக்கம் வரும். இருபத்தைந்தாவது வருடத்தில் 86,000. மொத்தமாகக் கூட்டினால் 25 வருடத்தில் கட்டணமாக மட்டும் 11 லட்சத்து 65 ஆயிரம் போயிருக்கும். பேரம் பேசி விலை குறைத்து வாங்கிய 4 லட்சத்தைவிடக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு.

இன்னொரு கோணமும் உண்டு, எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. அந்த 4 லட்சத்தை 7 சதவீத வட்டிக்கு வங்கியில் டெபாசிட் போட்டால் வருடம் 28,000 வரும், வரி தனி. கிளப்புக்குக் கட்டியிருக்க வேண்டிய 21,240-ஐயும் இதோடு சேர்த்தால் கையில் 49,240. 7 இரவுக்குப் பிரித்தால் இரவுக்கு 7,034 ரூபாய். இந்தப் பணத்தில் எந்த ஊரில், எந்த ஹோட்டலில் வேண்டுமானாலும் தங்கலாம். பிடிக்காவிட்டால் அடுத்த வருடம் ஹோட்டலை மாற்றிக்கொள்ளலாம். போகாத வருடம் செலவே இல்லை. அசல் 4 லட்சமும் உங்களுடையதாகவே இருக்கும். கிளப் இந்தக் கணக்கை வெல்ல வேண்டுமென்றால் 7 நாளையும் வருடம் தவறாமல், விலை உயர்ந்த சீசனில் பயன்படுத்தும் குடும்பமாக இருக்க வேண்டும். அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள், நல்ல பெரிய கிளப்புகளில் சந்தோஷமாகவும் இருக்கிறார்கள். பெரும்பாலும் லீவு தங்கள் கையில் இருப்பவர்கள், ஆறு மாதம் முன்பே திட்டமிடும் பழக்கம் உள்ளவர்கள்.

கூட்டத்தில் சொன்னதும் தாளில் இருப்பதும்

விற்பனை எப்படி நடக்கிறது என்பது பலருக்கும் தெரிந்ததுதான். மாலிலோ பெட்ரோல் பங்கிலோ கூப்பன் நிரப்புவோம். "பரிசு விழுந்திருக்கு, கணவன் மனைவி இரண்டு பேரும் வாங்க, ஒன்றரை மணி நேரம் போதும்" என்று போன் வரும். ஒருவர் மட்டும் வந்தால் "வீட்டில் கேட்டுச் சொல்றேன்" என்று எழுந்துவிடலாம் என்பதால்தான் இருவரையும் கூப்பிடுகிறார்கள். ஹோட்டல் ஹாலில் பாட்டுச் சத்தம், அவ்வப்போது யாரோ சேர்ந்துவிட்டதாகக் கைதட்டல். விலை மூன்று தடவை இறங்கும். "இது இன்னிக்கு மட்டும்தான்" என்பார்கள். ஒன்றரை மணி நேரம் மூன்று மணி நேரமாகி, பிள்ளைகள் பசிக்கிறது என்று சொல்ல ஆரம்பிக்கும்போது கார்டு தேய்க்கப்படும். ஒப்பந்தத் தாள் அதற்குப் பிறகுதான் வரும்.

அந்தத் தாளில் இரண்டு இடங்களைத் தேடுங்கள். ஒன்று, இந்த ஒப்பந்தத்தில் எழுதியிருப்பது மட்டுமே செல்லும், விற்பனையாளர் வாயால் சொன்ன எதுவும் நிறுவனத்தைக் கட்டுப்படுத்தாது என்ற ஷரத்து. வருடா வருடம் இலவச விமான டிக்கெட், வேண்டாம் என்றால் நாங்களே வாங்கிக்கொள்வோம், போகாத நாளுக்கு வாடகை வரும் என்று மேஜையில் சொன்னதெல்லாம் இந்த ஒரு வரியில் ஆவியாகிவிடும். அதனால் எந்த வாக்குறுதி உங்களைச் சம்மதிக்க வைத்ததோ அதைத் தாளிலேயே கையால் எழுதி, நிறுவனத்தின் முத்திரையோடு கையெழுத்து வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால் அதுவே பதில். பரிசாகத் தரும் 3 பகல் 2 இரவு கூப்பனும் இப்படித்தான். எத்தனை நாள் முன்னால் கேட்க வேண்டும், எந்த நாட்கள் செல்லாது, சேவைக் கட்டணம் எவ்வளவு என்பதெல்லாம் அதன் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும்.

இரண்டாவது, மனம் மாறினால் திரும்பப் பெறும் கால அவகாசம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2008ஆம் ஆண்டு உத்தரவின்படி டைம்ஷேர் வாங்கியவருக்கு 14 நாள் அவகாசம் உண்டு. அந்த நாட்களில் முன்பணம் வாங்குவதே தவறு. இந்தியாவில் டைம்ஷேருக்கென்று தனிச் சட்டம் இல்லை. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான். சிலவற்றில் 10 நாள் இருக்கும், சிலவற்றில் எதுவுமே இருக்காது. அவகாசம் இருந்தால் அதைத் தவறவிடாதீர்கள். போனில் சொன்னால் "மேனேஜர் கூப்பிடுவார்" என்று நாளைக் கடத்திவிடுவார்கள். அன்றைக்கே மின்னஞ்சல் அனுப்பி, அதே கடிதத்தை ஸ்பீட் போஸ்ட்டிலும் போட்டு ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். மெம்பர்ஷிப் எண், தேதி, கட்டிய தொகை, "இந்த உறுப்பினர் ஒப்பந்தத்தை ரத்து செய்கிறேன், முழுத் தொகையையும் திருப்பித் தரவும்" என்ற ஒரு வரி போதும். காரணம் நீளமாக எழுத வேண்டாம். கிடைத்த இலவசக் கூப்பனையும் பயன்படுத்த வேண்டாம், "சேவையை அனுபவித்துவிட்டீர்கள்" என்று சொல்ல அது ஒரு வாய்ப்பாகிவிடும்.

பாதியில் வெளியேற நினைத்தால்

கோயம்புத்தூர் தம்பதிக்கே வருவோம். மூன்று வருடம் ஆண்டுக் கட்டணம் கட்டினார்கள், நான்காவது, ஐந்தாவது வருடங்களில் வெறுத்துப்போய் நிறுத்திவிட்டார்கள். இப்போது ரத்து செய்ய வேண்டும். 5 வருடம் முடிந்துவிட்டது, மிச்சம் 20 வருடத்துக்கான 3,20,000 திரும்ப வரும் என்று நினைக்கிறார்கள்.

ஆனால் பல ஒப்பந்தங்களில் விலை இரண்டு துண்டாக எழுதப்பட்டிருக்கும். சேர்க்கைக் கட்டணம் ஒன்று, அது எந்த நிலையிலும் திரும்பாது. தங்கும் உரிமைக்கான கட்டணம் இன்னொன்று, அதில்தான் மீதி வருடங்களுக்கு ஏற்பக் கழித்துத் தருவார்கள். 60க்கு 40 என்று பிரித்திருந்தால், 4 லட்சத்தில் 2,40,000 முதல் நாளே போய்விட்டது. மிச்சம் 1,60,000-ல் 5 வருடத்துக்கு 32,000 கழிய, நிற்பது 1,28,000. கட்டாமல் விட்ட இரண்டு வருடக் கட்டணம், 6 சதவீத உயர்வோடு, சுமார் 52,100. அதையும் கழித்தால் 76,000 பக்கம் வரும். தாமத வட்டி போட்டால் இன்னும் குறையும். சில ஒப்பந்தங்களில் இந்த 76,000-கூடக் கிடையாது, ஒரு பைசா திரும்பாது என்று பட்டவர்த்தனமாக எழுதியிருக்கும்.

கட்டணத்தை நிறுத்திவிட்டால் என்ன ஆகும் என்பது பலருடைய பயம். முதலில் புக்கிங் முடக்கப்படும். நிலுவையும் வட்டியும் ஏறும், நினைவூட்டல்கள் வரும், ஒரு கட்டத்தில் மெம்பர்ஷிப்பை ரத்து செய்யலாம். கிளப்புக்குக் கட்டும் ஆண்டுக் கட்டணம் வங்கிக் கடன் அல்ல, அதனால் அது சிபில் கணக்கில் வருவதில்லை. ஆனால் மெம்பர்ஷிப் தொகையை வங்கி வழியாகவோ கிரெடிட் கார்டிலோ மாதத் தவணையாக மாற்றியிருந்தால் கதை வேறு. அந்தக் கடன் உங்களுக்கும் வங்கிக்கும் இடையில் உள்ளது. கிளப் மேல் உள்ள கோபத்தில் தவணையை நிறுத்தினால் அடி உங்கள் கடன் மதிப்பெண்ணுக்குத்தான். கிளப்போடு வழக்கு நடந்தாலும் தவணையைக் கட்டிக்கொண்டே நடத்துவதுதான் புத்திசாலித்தனம். ஆண்டுக் கட்டணத்தை நிறுத்துவதாக இருந்தாலும் சும்மா நிறுத்தாதீர்கள். அறை கிடைக்காத விவரத்தோடு எழுத்தில் ரத்துக் கடிதம் கொடுத்துவிட்டு நிறுத்துங்கள். இரண்டு வருடம் கழித்து "கட்டணம் கட்டாதவர் அவர்தான்" என்று கிளப் சொல்லும்போது, அந்தக் கடிதத்தின் தேதி முன்னால் நிற்கும்.

கடிதத்துக்குப் பதில் வரவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதியலாம். அவர்கள் நிறுவனத்துக்கு அனுப்பிப் பேசிப் பார்ப்பார்கள், உத்தரவு போட முடியாது. அதற்கு மேல் நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டு சட்டத்தில் நமக்கு வசதியானது, கிளப்பின் அலுவலகம் எங்கே இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் வழக்குக் கட்டணமும் கிடையாது. தகராறு வந்தால் நடுவர் மன்றத்துக்குத்தான் போக வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருப்பதைக் காட்டிப் பயமுறுத்தினால் பின்வாங்க வேண்டாம். அந்த ஷரத்து நுகர்வோர் ஆணையத்தின் கதவை அடைக்காது என்பது 2018-லேயே உச்ச நீதிமன்றத்தில் உறுதியாகிவிட்டது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. "அடுத்த சீசனில் பார்த்துத் தரோம்" என்று கிளப் இழுத்துக்கொண்டே போகும்போது ஓடிப்போவது இந்த 2 வருடம்தான்.

மனுவில் எதைச் சொல்கிறோம் என்பதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அதே சட்டம் "நியாயமற்ற ஒப்பந்தம்" என்று ஒன்றை வரையறுக்கிறது. நுகர்வோருக்கு மட்டும் பாதகமான, காரணமற்ற கட்டணமோ நிபந்தனையோ போடுவது அதில் வரும். கேட்க நமக்காகவே எழுதியதுபோல இருக்கும். ஆனால் ஒப்பந்தமே நியாயமற்றது என்ற புகாரை மாவட்ட ஆணையம் எடுக்க முடியாது, மாநில ஆணையத்துக்குத்தான் போக வேண்டும். அதனால் மாவட்டத்திலேயே முடிக்க நினைப்பவர்கள் சேவைக் குறைபாடு, முறையற்ற வணிக நடைமுறை என்ற இரண்டின் கீழ் மனுவை அமைக்கிறார்கள். சொன்ன அறை கிடைக்கவில்லை என்பது முதலாவது. பொய்யான சலுகை சொல்லி விற்றார்கள் என்பது இரண்டாவது. பல வருடம் ரிசார்ட்டுகளில் தங்கி அனுபவித்துவிட்டு முழுப் பணத்தையும் கேட்டால் கிடைப்பது கடினம். ஒரு தடவைகூடப் பயன்படுத்த முடியாதவர், கேட்ட தேதிகளையும் மறுப்புகளையும் வரிசையாகக் காட்ட முடிந்தவர், இவர்களுக்குத்தான் வழக்கு வலுவாக இருக்கும்.

மெம்பர்ஷிப்பை வேறு யாருக்காவது விற்றுவிடலாமே என்று ஒரு யோசனை வரும். மாற்றிக்கொடுக்க ஒப்பந்தம் அனுமதித்தாலும் மாற்றுக் கட்டணம் உண்டு, நிலுவை இருக்கக் கூடாது, வாங்குபவரையும் நீங்களேதான் தேட வேண்டும். ஆண்டுக் கட்டணச் சுமையோடு வரும் பழைய மெம்பர்ஷிப்புக்கு ஆள் கிடைப்பது அபூர்வம். இந்த ஆசையை வைத்துத்தான் இரண்டாவது மோசடி நடக்கிறது. ஒரு நாள் போன் வரும். உங்கள் பெயர், எந்த கிளப், எந்த வருடம் சேர்ந்தீர்கள் என்பதெல்லாம் சரியாகச் சொல்வார்கள். "உங்க மெம்பர்ஷிப்பை 5 லட்சத்துக்கு வாங்க ஒரு கம்பெனி ரெடியா இருக்கு, ஜிஎஸ்டிக்கும் என்ஓசிக்கும் மட்டும் 35,000 கட்டிடுங்க, செக்கோட சேர்த்துத் திரும்பி வந்துடும்" என்பார்கள். உண்மையில் வாங்குபவர் இருந்தால் அந்தச் செலவைத் தர வேண்டிய தொகையிலேயே கழித்துக்கொள்ளலாமே, உங்களிடம் ஏன் முன்னால் கேட்க வேண்டும்? அதைக் கேட்டுப் பாருங்கள், அந்தப் பக்கம் பேச்சு தடுமாறும். ஏற்கெனவே அனுப்பிவிட்டீர்கள் என்றால், நேரம் கடத்தாமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கும் உங்கள் வங்கிக்கும் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்கு முன் முடக்க முடிந்தால்தான் ஏதாவது மிஞ்சும்.